ஃபோல்டர் யாருடையது?

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் நம் துறைகளில் ஒரு தாள் சுற்றுக்கு வரும். 'ஒப்படைப்புப் பட்டியல்' என்று தலைப்பு. பீரோ சாவி, ஸ்டாக் ரிஜிஸ்டர், லேப் மேனுவல், பிராஜக்ட் ரிப்போர்ட்டுகள் என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் 'கூகுள் டிரைவ் ஃபோல்டர் - ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு டிக். போகிற சாரும் கையெழுத்துப் போடுவார், வருகிற மேடமும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. பீரோவைக் கொடுப்பது மாதிரி டிரைவைக் கொடுத்துவிட முடியாது, தோழர்களே. ஏன் என்று சொல்கிறேன்.

ஃபோல்டர் ஒருவருடையது என்றால் அதற்குள் இருப்பதெல்லாம் அவருடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கூகுள் டிரைவில் அப்படிக் கிடையாது. எச்.ஓ.டி. ஒரு ஃபோல்டரைத் திறந்து நான்கு ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறார் என்று வையுங்கள். அதற்குள் எந்த ஆசிரியர் எந்த ஃபைலைப் போடுகிறாரோ, அந்த ஃபைலுக்கு அவர்தான் உரிமையாளர். எச்.ஓ.டி. ஃபோல்டரை அடுத்தவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாலும், உள்ளே கிடக்கும் ஃபைல்களின் உரிமை மாறாது. வீட்டுப் பத்திரம் கை மாறுகிறது, உள்ளே உள்ள சாமான்களின் ரசீது பழைய ஆட்களிடமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம்முடைய இன்டர்னல் மார்க் எங்கே இருக்கிறது? அந்த ஃபைல்களில்தான். எனக்குத் தெரிந்த ஒரு துறையில் (பெயர் வேண்டாம்) லேப் எடுத்த பகுதி நேர ஆசிரியை ஒருவர், ஐந்தாம் செமஸ்டர் லேப் மார்க்கையும் அட்டெண்டன்ஸையும் தன் சொந்த ஜிமெயிலில் செய்த ஷீட்டில் வைத்திருந்தார். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும், பழைய வேலை சம்பந்தப்பட்டது இனி எதற்கு என்று தன் டிரைவைச் சுத்தம் செய்தார். அவர் மேல் குற்றமே இல்லை, அது அவருடைய ஃபைல். ஆனால் ஃபோல்டரில் அந்த ஷீட் காணாமல் போனது யாருக்கும் தெரியவில்லை. உரிமையாளரின் குப்பைத் தொட்டியில் ஒரு ஃபைல் முப்பது நாள்தான் இருக்கும். மார்க்கில் சந்தேகம் கேட்டு மாணவர்கள் போனபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்புறம் பழைய ரெக்கார்டு நோட்டுகளைத் தேடி, கையால் கூட்டி எழுத வேண்டியதாயிற்று. ரெக்கார்டைத் தொலைத்திருந்த இருவர் பாடு என்ன ஆயிற்று என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒப்படைப்புத் தாளில் முதல் வரி 'ஃபோல்டர்' அல்ல, 'உரிமையாளர்' என்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பார்ப்பது கஷ்டமில்லை. டிரைவின் தேடல் கட்டத்தில் இப்படி அடித்தால் போதும் (மின்னஞ்சலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்):

```
owner:lab1@example.com
```

அந்த ஆளுடைய ஃபைல்களில் நமக்குத் தெரியக் கூடியதெல்லாம் வரிசையாக வரும். போகிற ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும். இதிலே ஒரு பொடி விஷயம்: சில ஐகான்களின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அது ஃபைல் இல்லை, ஷார்ட்கட். அசல் வேறு எங்கோ, வேறு யாரிடமோ இருக்கும். ஷார்ட்கட்டை ஒப்படைத்தால் முகவரியை ஒப்படைத்த மாதிரி. வீடு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்து, உரிமையை எப்படி மாற்றுவது? கல்லூரிக்கு கூகுளின் கல்விக் கணக்கு இருந்தால் 'ஷேர்டு டிரைவ்' என்று தனியாக ஒன்று உண்டு. அதில் போட்ட ஃபைல் எந்த ஆசிரியருடையதும் அல்ல, கல்லூரியுடையது. ஆள் போனாலும் ஃபைல் நிற்கும். சொந்த ஜிமெயில் கணக்கிலிருந்து கல்லூரிக் கணக்குக்கு உரிமையை நேரடியாக மாற்றித் தர முடியாது. அதனால் அந்த மேடத்தை ஷேர்டு டிரைவில் உறுப்பினராகச் சேர்த்து, அவரே தன் ஃபைல்களை அதற்குள் நகர்த்த வேண்டும். வெளி ஆட்களைச் சேர்க்கக் கல்லூரி நிர்வாகி அனுமதி தந்திருக்கவும் வேண்டும். நகர்த்தினால் பழைய லிங்க் அப்படியே வேலை செய்யும். காப்பி எடுத்துப் போட்டால் லிங்க் மாறிவிடும், யார் எப்போது மார்க்கைத் திருத்தினார் என்ற சரித்திரமும் போய்விடும். மார்க் ஷீட்டுக்கு அந்தச் சரித்திரம்தான் உயிர். இதையெல்லாம் அவர் ஊரில் இருக்கும்போதே செய்தாக வேண்டும், ரிலீவிங் ஆர்டர் கையில் வாங்கிய பிறகு யார் வருவார்கள்?

கல்லூரிக் கணக்கே வைத்திருந்த ஆசிரியர் போனால் கதை வேறு. நிர்வாகி அந்தக் கணக்கை அழிக்கும்போதே ஃபைல்களை வேறொருவருக்கு மாற்றிவிடலாம். மறந்து அழித்துவிட்டால் இருபது நாளுக்குள் கணக்கை மீட்கலாம், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கோடை விடுமுறையோ ஒரு மாதத்துக்கு மேல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"இத்தனை தொல்லை எதற்கு? துறைக்கென்று ஒரு ஜிமெயில் ஆரம்பித்து, பாஸ்வேர்டை எல்லோரும் வைத்துக்கொண்டால் போச்சு" என்பார்கள் சிலர். நம் வட்டாரத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது, நான் இதற்கு முழு எதிர்ப்பு. அந்தக் கணக்கை ஆரம்பித்தவரின் செல்போன் எண்தான் அதில் பதிவாகியிருக்கும். புது ஆள் புது கம்ப்யூட்டரில் நுழைந்தால் ஓடிபி அவருக்குப் போகும். அவரோ மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது எண்ணையே மாற்றியிருப்பார். இலவசக் கணக்கில் 15 ஜிபிதான், மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. இண்டஸ்ட்ரியல் விசிட் வீடியோ நாலு போட்டால் நிரம்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பெயரில் ஐந்து பேர் நுழைந்தால் மார்க்கைத் திருத்தியது யார் என்று தெரியாது. இரண்டு வருடம் யாரும் தொடாத தனிக் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஷேர்டு டிரைவிலும் ஒரு யோசனை சொல்வேன். மேனேஜர் என்ற உயர் அதிகாரம் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் கிளம்பினால் மற்றவர் இருப்பார். புதிதாக வருபவருக்கு முதல் செமஸ்டர் 'கான்ட்ரிபியூட்டர்' போதும்; ஃபைல் போடலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. சில ஆசிரியர்களுக்கு இது மரியாதைக் குறைவாகப் படலாம். பட்டால் படட்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை உண்டு. வருகிறவர் தன் சொந்த லாகினில், தன் கம்ப்யூட்டரில், பட்டியலிலுள்ள ஃபைல்களில் பத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றில் ஒரு எழுத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும். பிறகு போகிறவரின் அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி அதே பத்தையும் திறக்க வேண்டும். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விடப்பட்டவை எவை என்றும் அப்போதே பார்க்கலாம். நம்முடைய செல் எண்ணும் ஆதார் நகலும் உள்ள ஸ்காலர்ஷிப் ஃபைல் அப்படித் திறந்து கிடந்தால், பழைய லிங்க் யார் கையில் இருந்தாலும் அது திறக்கும்.

இந்தச் சோதனை நடக்கும்போது வகுப்புப் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் நிற்க யூனியன் கேட்க வேண்டும் என்கிறேன். மார்க்கைப் பார்ப்பதற்கு அல்ல. நம் வகுப்பு ஷீட் புது லாகினில் திறக்கிறதா, உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயரும் இல்லாமல் ஷேர்டு டிரைவின் பெயர் வருகிறதா என்று பார்க்க. வாரியத் தேர்வு முடிவதற்கு முந்தின வாரம் இதற்கு நாள் குறித்தால் சரியாக இருக்கும், அப்போதுதான் எல்லா ஆசிரியர்களும் கல்லூரியில் இருப்பார்கள்.