படிப்படியாகப் பணிக்கு

கீமோதெரபி முடித்துத் திரும்பும் வங்கிக் காசாளர், ‘இலகுவான வேலை தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் மேலாளருக்கு எதுவும் விளங்காது. சில மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போகும். சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். நோட்டு எண்ணுவது தடுமாறும். அதைச் சொல்லி, முதல் 2 வாரம் அரைநாள், அடுத்த 2 வாரம் முக்கால் நாள், அதுவரை கவுன்ட்டருக்குப் பதில் கணக்குச் சரிபார்ப்பு, பரிசோதனை நாளில் விடுப்பு எனக் கேட்கட்டும். மருத்துவச் சான்றை இணைத்து, மறுபரிசீலனைக்கு ஒரு தேதியும் குறிக்கட்டும். நோயின் முழுக்கதை வேண்டாம்.

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடைசெய்கிறது. குணமாகிவரும் எல்லோரும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அப்படி வராதவர்களின் கோரிக்கைக்கும் நிர்வாகங்கள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும்.