கீநோட்டைப் பிழிந்தால் சக்கைதான் வருகிறது

ஆபீசில் வாராவாரம் "லேர்னிங் செஷன்" நடக்கிறவர்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். யாராவது ஒருத்தர் ஏதோ ஒரு கான்ஃபரன்ஸ் கீநோட்டின் எழுத்துப்படியைத் தேடி எடுப்பார். ஒரு மணி நேரப் பேச்சு என்றால் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வார்த்தை வரும். அதை ஏழு புல்லட்டாகச் சுருக்கி, மேலே "கீ டேக்அவேஸ்" என்று போட்டு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஓட்டுவார். எல்லோரும் தலையாட்டுவோம். திங்கட்கிழமை கேட்டால் நடுவில் வந்த சமோசாதான் ஞாபகம் இருக்கும்.

நொய்டாவில் குப்பை கொட்டும் இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனையோ பார்த்தாச்சு. போன வருஷம் எங்கள் டீமில் வந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தச் சுருக்கம், பேச்சாளர் எதைச் சொல்ல வந்தாரோ அதையே கொன்றுவிட்டது.

பேச்சு ரிச் ஹிக்கியுடையது. குளோஜர் என்ற கணினி மொழியை உருவாக்கியவர். 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், ஸ்ட்ரேஞ்ச் லூப் மாநாட்டில் "சிம்பிள் மேட் ஈஸி" என்ற தலைப்பில் பேசினார். மென்பொருள் வட்டாரத்தில் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கும் பேச்சு. எழுத்துப்படியும் இணையத்தில் கிடைக்கிறது. எங்களுக்கு வந்த ஸ்லைடில் முதல் மூன்று புல்லட் இவை: எளிமையாக வை, சிக்கலைத் தவிர், எளிமையே வெற்றி.

அடப்பாவிகளா! அந்த மனுஷர் ஒரு மணி நேரம் தொண்டை வற்றப் பேசியதே சிம்பிள் வேறு, ஈஸி வேறு என்று காட்டத்தானே. சிம்பிள் என்ற சொல்லின் வேரில் இருப்பது "ஒரே மடிப்பு, ஒரே புரி". ஈஸியின் வேரில் இருப்பது "பக்கத்தில் கிடப்பது". ஒன்று பொருளின் குணம். அதற்குள் எத்தனை இழை பின்னியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். மற்றது ஆளைப் பொறுத்தது. எனக்குப் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தூரமாக இருக்கலாம். கைக்கு எட்டுகிற ஈஸியான கருவியை எடுத்துப் பல இழைகளைப் பின்னிவிடுகிறோம், பிறகு ஒன்றை இழுத்தால் எல்லாம் கூடவே வருகிறது என்பதுதான் அவர் புகார்.

நம் மொழியில் இது இன்னும் வில்லங்கம். எளிது, எளிமை இரண்டும் ஒரே வேர். "எளிமையாக வை" என்று தமிழில் யோசித்த உடனேயே அவர் பிரித்த இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இந்திக்காரர்களுக்கு சரல், ஆசான் என்று இரண்டு சொல் இருக்கிறது. அவர்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றித்தான் புழங்குகிறார்கள். (ஆசான் என்றால் வாத்தியார் இல்லையா என்று டில்லி வந்த புதிதில் குழம்பாத தமிழன் உண்டா?) நான் டீமில் விளக்கும்போது சடையைத்தான் சொல்வேன். தலையை வாரிவிட்டால் முடி தனித்தனி. மூன்றாகப் பின்னினால் பார்க்க அழகு, ஆனால் நடுவிலிருந்து ஒரு புரியை மட்டும் உருவ முடியாது.

ஒரு புல்லட் தேறுமா தேறாதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அதை எதிர்மறையாக்கிப் படியுங்கள். "சிக்கலைத் தவிர்" என்பதன் எதிர்ப்பதம் "சிக்கலை வரவேற்போம்". அப்படி எந்தப் பைத்தியமாவது சொல்லுமா? சொல்லாது என்றால் அந்த வரியில் சரக்கே இல்லை. மாறாக, "சீக்கிரம் கற்றுக்கொள்ள முடிகிற கருவி பின்னல் இல்லாததாக இருக்கும் என்று நம்பாதே" என்பதை எதிர்மறையாக்குங்கள். அப்படி நம்புகிறவர்கள் நம் டீமிலேயே நாலு பேர் தேறுவார்கள். இதில் சண்டை போட விஷயம் இருக்கிறது, ஆகவே செஷனுக்கு ஆகும்.

சரி, எழுத்துப்படியை எப்படித்தான் படிப்பது? நான் அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் மூன்று வகையாகக் குறிப்பேன்: இது அவர் கூற்று, இது அந்தக் கூற்றுக்குக் காரணம், இது அதன் எல்லை. ஜோக்கையும் கதையையும் குறிக்காமல் விட்டுவிடுவேன், எந்தக் கீநோட்டிலும் பாதிக்கு மேல் அதுதான். கூற்றை மட்டும் எடுத்து, "ஏனென்றால்" என்பதை விட்டுவிட்டால் அது வேதவாக்கு ஆகிவிடும். எல்லையை விட்டுவிட்டால் பொய்யாகவே ஆகிவிடும். "இதைப் பாருங்கள்", "இந்தப் பக்கம் இருப்பது" என்று வரும் இடங்களில் பேச்சாளர் திரையைக் காட்டுகிறார். அங்கே வீடியோவை அந்த நிமிஷத்துக்கு ஓட்டிப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது.

எல்லை தொலைந்ததற்கு எங்கள் ஸ்லைடிலேயே உதாரணம் இருந்தது. நாலாவது புல்லட்: டெஸ்ட் எழுதுவது வீண். ஹிக்கி சொன்னது அதுவல்ல. சாலையோரத் தடுப்புக்கம்பி நம்மைக் காப்பாற்றும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போகாது என்ற பொருளில் கிண்டல் செய்தார். டிஎன்டி பாலத்தில் ஓரக்கம்பியை உரசிக்கொண்டே நொய்டா வந்து சேருகிறவர் உண்டா? அதற்காகக் கம்பியைப் பிடுங்கச் சொன்னாரா என்ன? இந்த ஒரு புல்லட்டை நம்பி ஜூனியர் பையன் டெஸ்டை நிறுத்தியிருந்தால் யார் பொறுப்பு?

இன்னொன்றையும் செஷன் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அது வாதம், அளவெடுத்து நிரூபித்த ஆய்வு அல்ல. பேசியவர் ஒரு மொழியை உருவாக்கியவர். அவர் காட்டும் மாற்று வழிகள் அந்த மொழியில் இயல்பாக வருபவை. பைத்தானில் பில்லிங் மென்பொருள் எழுதும் ஒன்பது பேர் "நாமும் குளோஜருக்கு மாறலாமா" என்று கேட்டு அரை மணி நேரத்தைக் கரைக்கத் தேவையில்லை.

இத்தனையும் செய்தாலும் கையில் இருப்பது பாதிதான். மீதிப் பாதி எழுத்துப்படியில் கிடையாது, நம் கோடில் இருக்கிறது. இதைத்தான் புல்லட் ஆசாமிகள் ஒப்புக்கொள்வதே இல்லை. நாங்கள் எடுத்த கூற்று ஒன்றே ஒன்று: மாறிக்கொண்டே இருக்கும் நிலை, மதிப்பையும் நேரத்தையும் ஒன்றாகப் பின்னிவிடுகிறது. கேட்க தத்துவம் மாதிரி இருக்கிறதா? எங்கள் பழைய கோடிலிருந்து ஒரு துண்டு, சுருக்கித் தருகிறேன்:

```python
def print_bill(order):
    order.total = compute_total(order.items, date.today())
    db.save(order)
    send_sms(order.phone, order.total)
```

கோடு தெரியாதவர்களுக்கு: பில்லை அச்சடிக்கும்போதெல்லாம் இன்றைய தேதிக்கு வரி போட்டு, பழைய தொகையை அழித்துப் புதியதை எழுதி, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்புகிறது. கணக்கு, தேதி, சேமிப்பு, செய்தி என்று நாலு புரி ஒரே சடையில். வருஷக்கணக்கில் யாருக்கும் உறுத்தவில்லை.

2025 செப்டம்பர் 3 அன்று இதே டில்லியில் ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் கூடி விகிதங்களை மாற்றியது. பெரும்பாலான பொருட்களுக்கு 22-ஆம் தேதி முதல் அமல். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. இப்போது 20-ஆம் தேதி ஒரு கடையில் ஆயிரம் ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறார்கள். வரியோடு 1180. சரக்கும் கொடுத்தாச்சு, பில்லும் போட்டாச்சு, ஆகவே பழைய விகிதம்தான் செல்லும். 24-ஆம் தேதி வந்து டூப்ளிகேட் பில் கேட்கிறார்கள். நம்ம `print_bill` சாவகாசமாக 1050 என்று அச்சடிக்கிறது. அது மட்டுமா, உள்ளே இருந்த 1180-ஐயும் அழித்துவிடுகிறது. வாடிக்கையாளர் மிச்சம் 130 ரூபாய் எங்கே என்கிறார். கடைக்காரர் அடுத்த மாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கணக்கு உதைக்கும்.

செஷனில் இதைத் திரையில் போட்டதும் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்து ஆறு மாசமே ஆன ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, தேதியை மட்டும் `order.bill_date` என்று மாற்றினால் போதாதா?" நல்ல கேள்வி. தொகை சரியாகிவிடும். ஆனால் டூப்ளிகேட் கேட்டால் எஸ்எம்எஸ் மறுபடி போகும், நாளைக்கு விகிதப் பட்டியலை யாராவது தப்பாகத் திருத்தினால் பழைய பில்லும் சேர்ந்து மாறும். புரியை அவிழ்க்கவில்லை, முடிச்சை நகர்த்தியிருக்கிறோம். கடைசியில் டீம் வந்து சேர்ந்த இடம் இது:

```python
@dataclass(frozen=True)
class Bill:
    items: tuple
    bill_date: date
    total: Decimal

def make_bill(items, bill_date):
    return Bill(tuple(items), bill_date,
                compute_total(items, bill_date))
```

போட்ட பில் போட்டதுதான். திருத்தம் வேண்டுமென்றால் கிரெடிட் நோட்டு என்று தனிச் சீட்டு, கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. சேமிப்பதும் எஸ்எம்எஸ்ஸும் பில் போடும் அந்த ஒரு தடவை, வெளியிலிருந்து நடக்கும். டூப்ளிகேட் என்பது இருப்பதைப் படித்து அச்சடிப்பது மட்டுமே.

மாற்றம் நிஜமா, பாவ்லாவா என்று தெரிந்துகொள்ள டெஸ்ட் ஃபைலைத் திறந்தால் போதும். முன்பு தொகையைச் சோதிக்கவே கடிகாரம், டேட்டாபேஸ், எஸ்எம்எஸ் என்று மூன்றுக்கும் போலி வைக்க வேண்டியிருந்தது. இப்போது `make_bill`-க்கு ஒன்றுகூட வேண்டாம். பொருளும் தேதியும் கொடு, தொகையைப் பார். 21-ஆம் தேதிக்கு 1180, 22-ஆம் தேதிக்கு 1050, ரெண்டு வரி டெஸ்ட்.

எங்கள் டீமின் சர்தார்ஜி மேனேஜர் விடவில்லை. "மற்றவங்களுக்கு அனுப்ப ஒரு டேக்அவே ஸ்லைடு வேணுமே ஜி" என்றார். ஸ்லைடு கிடையாது ஜி, சீட்டுதான் என்றேன். அதில் நாலு வரி. எந்தக் கூற்று, காரணத்தோடு. நம் கோடில் எந்த ஃபைல். யார், எந்தத் தேதிக்குள். நடந்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அடுத்த செஷனுக்கு எல்லோரும் அவரவர் மாட்யூலில் `date.today()` அல்லது `datetime.now()` எங்கெல்லாம் கணக்கின் நடுவே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு வர வேண்டும். வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பதினோரு இடம் வந்தது. அதில் ஏழு வெறும் லாக் எழுதும் இடங்கள், அங்கே இன்றைய தேதிதான் வேண்டும், தொடத் தேவையில்லை. மூன்றைப் பிரித்தாயிற்று. மிச்சம் ஒன்று வட்டிக் கணக்கு, அதை எழுதியவர் புனே போய்விட்டார், போன் போட்டிருக்கிறோம்.