பேரப்பிள்ளைக்கு மேடைத் தமிழ் எதற்கு?



பொங்கல் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலர் பிள்ளையை நிற்கவைத்து, "அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று சொல்லவைத்து வீடியோ எடுத்து அனுப்புவீர்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கோபம் வந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

"நல்வாழ்த்துகள்" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். ல், ழ், ள் மூன்றும் அந்த ஒரே சொல்லில் வருகின்றன. ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு 'எல்' தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் "வாள்த்துகள்" என்கிறோம்! நடுவில் 'க்' வருமா வராதா என்று பெரியவர்களே சண்டை போடும் சொல் அது. அதைத்தான் தமிழ் அதிகம் பேசாத குழந்தையின் வாயில் முதலில் திணிக்கிறோம்.

சரி, நாம் யாராவது பாட்டியிடம் அப்படிப் பேசுவோமா? அது சுவரொட்டியின் மொழி. பொங்கலன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் "பால் பொங்கிச்சா?" என்றுதான் கேட்போம். நம் ஊர் வாழ்த்து பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும். வாழ்த்தைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேள்வி கேட்டால் பாட்டி பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்தான் பிள்ளைக்குக் கிடைக்கும் அடுத்த தமிழ்.

"பேச்சுத் தமிழைப் பழக்கினால் தமிழ் கெட்டுவிடாதா டீச்சர்?" என்பீர்கள். நீங்களெல்லாம் ஐந்து வயது வரை வீட்டில் பேச்சுத் தமிழைக் கேட்ட பிறகுதான் என் வகுப்புக்கு வந்து பாடநூலைத் தொட்டீர்கள். அங்கே பிறந்த குழந்தைக்கு மட்டும் வரிசையை ஏன் மாற்றுகிறீர்கள்?

நியூ ஜெர்சியில் ஏழு வயதுப் பெண் குழந்தை, திருச்சிப் பக்கம் அப்பாயி என்று வைத்துக்கொள்வோம். மூன்றே வரி போதும்:

"அப்பாயி, நான் பாப்பா பேசறேன். பால் பொங்கிச்சா? நீங்க சாப்டீங்களா?"

உங்கள் வீட்டில் ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி என்று எப்படிக் கூப்பிடுவீர்களோ அதையே வையுங்கள். நாளுக்கு ஒரு வரி, ஐந்து நிமிடம். நான்காம் நாள் மூன்றையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். 'தாத்தா'வை அப்படி எழுதினால், 'தாங்க்யூ' சொல்வதுபோல் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டித்தான் குழந்தை படிக்கும். நீங்கள் சொல்ல, அது கேட்டுச் சொல்லட்டும்.

நீளமான சொல்லை வாலிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் "களா", அடுத்து "டீங்களா", பிறகு "சாப்டீங்களா", கடைசியில் "நீங்க சாப்டீங்களா". முன்னாலிருந்து தொடங்கினால் நாக்கு பாதியில் சோர்ந்து, மரியாதைக்கு வரும் 'ங்க' விழுந்துவிடும். வாலிலிருந்து வந்தால், தெரிந்த இடத்தை நோக்கியே பேச்சு போகும்.

நான்காம் நாள் ஒரு சோதனை. "இதையே தாத்தாகிட்டக் கேளு" என்று சொல்லுங்கள். முதல் சொல்லை மட்டும் மாற்றிக் கேட்டால் குழந்தைக்குப் புரிந்திருக்கிறது. திரும்பவும் "அப்பாயி" என்றே தொடங்கினால் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஒவ்வொரு வரிக்கும் பொருளை ஆங்கிலத்திலேயே சொல்லிக் கொடுங்கள், குற்றமில்லை.

வீடியோ வேண்டாம், குரல் பதிவு போதும். வீடியோவில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படும். இரண்டு தடவைக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். பொங்கலுக்கு முந்தைய இரவு அங்கே எட்டரை மணிக்கு அனுப்பினால் இங்கே பொங்கலன்று காலை ஏழு மணி. அடுப்படியில் பானை இருக்கும் நேரம்.

இனி உள்ளூர் உறவுகளுக்கு. வந்த குரலைக் குடும்பக் குழுவில் போட்டு, "வெள்ளைக்காரி தமிழ் பேசுறா பாரு" என்று சிரிக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். அந்தச் சிரிப்பு எப்படியும் பிள்ளையின் காதுக்குப் போய்விடும். அடுத்த வருடம் அது வாயே திறக்காது. அப்புறம் "பேத்திக்கு நம்மிடம் பாசமே இல்லை" என்று யாரைக் குறை சொல்வீர்கள்?

பதிலையும் குரலிலேயே அனுப்புங்கள். நிறுத்தி, சின்னதாக: "பொங்கிச்சு கண்ணு. நீ சாப்டியா?" பிள்ளை "சாப்டேன்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். பத்து கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால் போனை அம்மாவிடம் நீட்டிவிடும்.

இந்தப் பொங்கலுக்கு யார் வீட்டுப் பிள்ளை என்ன கேட்டது, பாட்டி என்ன பதில் சொன்னார் என்று கீழே எழுதுங்கள். பூப்போட்ட வாழ்த்துப் படம் மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்