அல்ட்ராவைடு திரையைச் சமமாக வெட்டாதீர்கள்!

கணக்கு எழுதும் வேலையை வீட்டிலிருந்தே செய்யும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "34 இன்ச் மானிட்டர் வாங்கினேன்ல, அதைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்பா. கழுத்து வலி உயிர் போகுது. போதாக்குறைக்கு நேத்து ஒரு பில்லுல 1,18,000-ஐ 1,81,000-னு ஏத்திட்டேன்" என்றார்.

நேரில் போய்ப் பார்த்தேன். மானிட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எக்ஸெல்லைத் திரையின் இடது பாதியிலும், பில் இருக்கும் பிடிஎஃப்பை வலது பாதியிலும் வைத்திருந்தார். வாட்ஸ்அப் இரண்டுக்கும் மேலே மிதந்துகொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு நேர் எதிரே என்ன இருந்தது தெரியுமா? இரண்டு விண்டோக்களும் சேரும் கோடு! எக்ஸெல்லைப் பார்க்க நாள் முழுக்கக் கழுத்தை இடப்பக்கம் திருப்பியே உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸ்அப் பில்லை மறைத்தால், தொகையை மனதில் வைத்துக்கொண்டு எக்ஸெல்லுக்குத் தாவுவார். எண் இடம் மாறியது அப்படித்தான்.

சாதாரணத் திரையில் பாதிக்குப் பாதி பிரிப்பது சரி. 34 இன்ச் அல்ட்ராவைடு ஏறக்குறைய 80 செ.மீ. அகலம். அதை இரண்டாகப் பிரித்தால், திரையின் நல்ல இடமான நடுப்பகுதி வீணாகிறது. மூன்று சமபங்கு போட்டாலும் எனக்கு உடன்பாடு இல்லை. வாட்ஸ்அப்புக்கும் எக்ஸெல்லுக்கும் ஒரே அகலம் எதற்கு?

விண்டோஸ் 11-ல் `Win + Z` அழுத்தினால் சில பிரிப்பு முறைகள் வரும். அகலத் திரையில் மூன்று பங்கு முறையும் உண்டு. ஆனால் நாம் விரும்பும் அகலத்தை அதில் சேர்த்து வைக்க முடியாது. நடுக்கோட்டை இழுத்துச் சரிசெய்யலாம். நாளைக்கு மறுபடி இழுக்க வேண்டியதுதான். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 2023-ல் வந்த 5.27 பதிப்பிலேயே, நாமே கட்டம் வரையும் வசதியைச் சிஸ்டத்துக்குள் வைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டோ அதையே பவர்டாய்ஸ் என்ற தனி இலவசத் தொகுப்பில் வைத்திருக்கிறது. இது விண்டோஸுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். அந்தத் தொகுப்பில் நமக்கு வேண்டியதன் பெயர் ஃபேன்சிஸோன்ஸ்.

அதைத் திறப்பதற்கு முன் அளவெடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. கண்ணுக்கு அழகாக மூன்று கட்டம் வரைந்துவிட்டு, இரண்டே நாளில் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நண்பரின் திரை 3440 x 1440 பிக்சல். முதலில் எக்ஸெல். அதில் ஒரு நெடுவரிசையின் வழக்கமான அகலம் 64 பிக்சல். 1720 பிக்சல் கொடுத்தால் ஏறக்குறைய A முதல் Z வரை ஒரே பார்வையில் தெரியும். மூன்று சமபங்கில் கிடைக்கும் 1146-ல் Q-வைத் தாண்டாது. அவருடைய பதிவேடு W வரை போகிறது. எனவே எக்ஸெல்லுக்கு 1720.

அடுத்து பில். ஏ4 தாளின் உயரம் அகலத்தைப் போல் 1.414 மடங்கு. திரை உயரம் 1440-ல் டாஸ்க்பாரும் பிடிஎஃப் ரீடரின் மேல்பட்டையும் போக, மீதி 1280 அளவில் இருக்கும். அதை 1.414-ஆல் வகுத்தால் 905. ஓரப்பட்டைகளுக்கும் இடம் விட்டு 960 வைத்தோம். இனி முழு பில்லும் ஸ்க்ரோல் செய்யாமலேயே தெரியும். மிச்சம் 760. அது வாட்ஸ்அப்புக்கும் மெயிலுக்கும்.

வாட்ஸ்அப் இடது, எக்ஸெல் நடு, பில் வலது. எக்ஸெல்லின் மையம் திரையின் மையத்திலிருந்து 100 பிக்சல் இடப்பக்கம் விலகும். செ.மீ. கணக்கில் இரண்டே கால்தான். மானிட்டரைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

இந்தக் கணக்கு டிஸ்பிளே ஸ்கேல் 100%-ல் இருந்தால்தான் பொருந்தும். 125% வைத்திருந்தால் எழுத்தும் கட்டமும் பெரிதாகி, 1720 பிக்சலில் 1376-க்கான விஷயம்தான் அடங்கும். அப்படியென்றால் மறுபடி அளவெடுங்கள்.

இப்போது வரையலாம். பவர்டாய்ஸ் நிறுவிய பிறகு, `Win + Shift + `-ஐ அழுத்திப் பிடித்தபடி எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள கீயை அழுத்தினால் எடிட்டர் திறக்கும். "Create new layout" போய், ஒரு பெயர் கொடுத்து, "Grid" வகையைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு கோடு தெரியும். கிளிக் செய்தால் அந்த இடத்தில் பிரியும். கோடு வேறு திசையில் இருந்தால் ஷிஃப்ட்டை அழுத்துங்கள், திரும்பிவிடும். மூன்று நெடுக்குக் கட்டங்கள் வந்ததும் சேமித்துவிடுங்கள். கட்டங்களுக்கு நடுவே இடைவெளி விடும் "Space around zones" என்பதை நான் அணைத்துவிடுவேன். அது தானாகவே 16 பிக்சலை எடுத்துக்கொள்ளும், பார்க்க அழகு என்பதைத் தவிர வேறு பயனில்லை.

கையால் இழுத்தால் அளவு துல்லியமாக வராது. பவர்டாய்ஸை முழுவதும் மூடிவிட்டு, நோட்பேடில் இந்த ஃபைலைத் திறங்கள்:

```
%LocalAppData%\Microsoft\PowerToys\FancyZones\custom-layouts.json
```

நீங்கள் கொடுத்த பெயருக்குக் கீழே `columns-percentage` என்று இருக்கும். முழு அகலத்தை 10000 பங்காக வைத்த கணக்கு அது. 760, 1720, 960-க்கு இப்படி வரும்:

```
"columns-percentage": [2209, 5000, 2791]
```

மூன்றையும் கூட்டினால் 10000 வரணும், அது முக்கியம். சேமித்துவிட்டு பவர்டாய்ஸைத் திறந்து, எடிட்டரில் அந்த லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பயன்படுத்துவது சுலபம். விண்டோவை இழுக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்தினால் கட்டங்கள் ஒளிரும்; வேண்டிய கட்டத்தில் விட்டால் பொருந்திக்கொள்ளும். கூடவே கன்ட்ரோலையும் அழுத்தினால் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒரே விண்டோவுக்குக் கொடுக்கலாம். செட்டிங்ஸில் "Override Windows Snap" போட்டுவிட்டால் மவுஸே வேண்டாம், விண்டோஸ் கீயும் இட, வல அம்புக்குறிகளும் போதும்.

நண்பரிடம் இரண்டு இடத்தில் சிக்கியது. அவருடைய கணக்கு மென்பொருளை இழுத்தபோது கட்டங்கள் ஒளிரவே இல்லை. அது அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடும் விண்டோவை, சாதாரண அனுமதியில் இருக்கும் பவர்டாய்ஸால் தொட முடியாது. பவர்டாய்ஸையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்ததும் சரியானது. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் இதற்கு ஐ.டி. ஆட்களின் தயவு வேண்டும்.

இன்னொன்று, மெயில் செயலி. அது 760-க்குள் அடங்காமல், அதன் வலது ஓரம் எக்ஸெல்லின் மேல் ஏறி நின்றது. சில செயலிகள் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காது. ஃபேன்சிஸோன்ஸ் அதை வற்புறுத்தாது. கட்டத்தை அகலமாக்குவதைவிட, மெயிலை பிரவுசரில் திறந்து அங்கே வைத்ததே எளிதாக இருந்தது.

மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு இப்போது இல்லை. போன வாரம் அவரே இரண்டாவதாக ஒரு லேஅவுட் போட்டிருந்தார். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாட்களுக்கு பிரவுசருக்கு மூன்றில் இரண்டு பங்கு, எக்ஸெல்லுக்கு ஒரு பங்கு. எடிட்டரில் அதற்கு எண் 2 கொடுத்திருக்கிறார். `Win + Ctrl + Alt + 2` அழுத்தினால் திரை மாறிவிடுகிறது. "அதுலயும் கோடு நடுவுல வராது, பார்த்துக்கோ" என்றார்.