சிவாவும் ரஞ்சனியும் ஓர் இராகமும்

நமது திருமண அழைப்பிதழ்களில் பிள்ளையார் சுழிக்கு அடுத்த மரியாதை இன்று ஹேஷ்டேக்கிற்குத்தான். அதனை நான் குறை கூறவில்லை. ரொறொன்ரோவில் நடைபெறும் திருமணத்தில் உறவினர் ஆளுக்கொரு கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்களை, விசா கிடைக்காது யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிட்ட அம்மம்மா ஓரிடத்தில் பார்ப்பதற்கு அது ஒரு வழி. குறை கூறவேண்டியது, அந்தச் சொல்லை ஆக்குவதில் நாம் காட்டும் அலட்சியத்தையே. மணமக்களின் பெயர்களை ஒட்டி, முன்னால் # குறியை இட்டால் அலுவல் முடிந்தது என்று எண்ணுகிறோம்.

கற்பனையாக ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். மணமகன் சிவா, மணமகள் ரஞ்சனி. அழைப்பிதழில் #SivaRanjani என்று அச்சிடுகிறார்கள். பெரிய எழுத்துகள் இரு பெயர்களையும் அழகாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால், தேடும்போது இத்தளங்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் பார்ப்பதில்லை. விருந்தினரும் அவசரத்தில் #sivaranjani என்றே தட்டுவர். இப்போது அது ஓர் இராகத்தின் பெயர்! தேடிச் செல்பவருக்கு வீணையும் வயலினும் கிடைக்கும். அப்பெயருடைய பெண்கள் பலரின் படங்களும் கிடைக்கும். இருவராக மணவறை ஏறியோர் ஒரே பெண்ணாகிவிட, மாப்பிள்ளை காணாமற் போய்விடுகிறார்.

வரிசையை மாற்றி #RanjaniSiva என்றால் என்ன என்று கேட்கலாம். தந்தையின் அல்லது கணவனின் பெயரைப் பின்னால் இட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் பெயராகவே அது ஒலிக்கும். 'சிவா & ரஞ்சனி' என்று எழுதினால் & குறியுடன் ஹேஷ்டேக் அறுந்துபோகும்; மிஞ்சுவது #Siva மட்டுமே. அடிக்கோடு இடலாம். ஆனால் அதைத் தேடி விசைப்பலகையின் அடுத்த பக்கத்திற்குப் போகும் பொறுமை பந்திக்கு முந்தும் நம்மவருக்கு ஏது? திருமண ஆண்டை இலக்கத்தில் சேர்ப்பதற்கும் இதே சங்கடம் உண்டு. அப்போதும் இராகம் பிரிவதில்லை.

இதனிலும் பெரிய வில்லங்கம் நமது ஆங்கில எழுத்துக்கூட்டல். சிவாவை Siva என்பார் ஒருவர், Shiva என்பார் இன்னொருவர். ரஞ்சனியின் முடிவில் சிலர் i இடுவர். நம் நாட்டில் பலர் y இடுவர். Ee இடுவோரும் உளர். இரண்டும் மூன்றுமாக ஆறு வடிவங்கள். வரிசையும் மாறினால் பன்னிரண்டு. ஒரே திருமணத்தின் படங்கள் பன்னிரண்டு பெட்டிகளில் சிதறலாம். அவற்றுள் ஒன்றைத்தான் அம்மம்மாவின் பேரன் திறந்து காட்டுவான்.

இளையோரின் விடை #SivaWedsRanjani. பெயர்களைப் பிரிக்கிறது என்ற அளவில் அது சரி. ஆனால் ஊரெல்லாம் இதே அச்சில் வார்ப்பதால், இன்னொரு சிவாவும் இன்னொரு ரஞ்சனியும் அங்கே முன்னரே குடியிருக்கும் வாய்ப்பு அதிகம். நமது மொழியில் இதற்கென்றே ஓர் இடைச்சொல் இருக்க, இரவல் எதற்கு? 'உம்' என்பதே அது.

#SivavumRanjaniyum என்று எழுதிப் பாருங்கள். பதினேழு எழுத்துகள், இலக்கமுமில்லை, அடிக்கோடுமில்லை. சிறிய எழுத்தில் தட்டினாலும் இருவர் இருவராகவே நிற்கின்றனர். இராகம் விலகிவிட்டது. i-யா y-யா என்ற வழக்கும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பின்னால் 'யும்' வருவதால் கை இயல்பாகவே i-ஐத் தேடும். Siva, Shiva என்ற ஐயம் மட்டும் எஞ்சும். மாப்பிள்ளையின் பேஸ்புக் கணக்கில் எப்படி உள்ளதோ அப்படியே இடுக. உறவினரின் கண்ணுக்குப் பழகியது அதுதான்.

தமிழ் எழுத்திலேயே இட்டால் இக்குழப்பங்கள் எதுவுமில்லையே என்பீர்கள். உண்மை. #சிவாவும்ரஞ்சனியும் என்பதற்கு இரண்டாவது எழுத்துக்கூட்டல் கிடையாது. ஆனால் விருந்தினரில் பாதிப்பேரின் தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை இல்லையென்றால், அவர்களின் படங்கள் வராது. இரண்டையும் அச்சிட்டால் படங்கள் இரண்டாகப் பிரியும். விருந்தினர் யாரென்று பார்த்து ஒன்றைத் தேர்க.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் இரண்டு சோதனைகள் போதும். தேர்ந்த சொல்லை எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் இன்ஸ்டகிராமில் தேடுங்கள். வேறொருவரின் படம் வந்தால் கைவிடுங்கள். பின்னர் ஒரு மாமியைத் தொலைபேசியில் அழைத்து, சொல்லை வாயாற் கூறி, தட்டி அனுப்பச் சொல்லுங்கள். அவர் ranjanium என்று அனுப்பினால், அச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே இடவேண்டும் என்று பொருள். பிரதி எடுத்து ஒட்டுபவர் பிழைவிடுவதில்லை.

ஒன்றை மட்டும் எந்தச் சொல்லாலும் செய்ய இயலாது. தமது கணக்கைப் பூட்டி வைத்திருப்போரின் படங்கள், அவர்களைப் பின்தொடராதோர் கண்ணில் படா. அம்மம்மாவுக்கு அவற்றைத் தனியாகத்தான் அனுப்பவேண்டும்.

நாள் பார்க்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம். இரு பெயர்களும் ஒட்டும்போது என்ன பொருள் தருகின்றன என்று பார்க்க ஐந்து நிமிடம் இல்லையா?