நைட் டூட்டி முடிந்ததும் நீட் பி.ஜி வீடியோவா? கொஞ்சம் பொறுங்க டாக்டர்!

இரவு 8 மணிக்குப் பிரசவ வார்டுக்குப் போகும் ஹவுஸ் சர்ஜன், மறுநாள் காலை 8 மணிக்கு மேல்தான் வெளியே வருகிறார். குளித்துவிட்டு உட்கார்ந்து, நீட் பி.ஜி வீடியோவை 1.5 ஸ்பீடில் ஓடவிடுகிறார். ரெண்டு மணி நேரம் படித்த திருப்தி கிடைக்கும். ஆனால், மூணு நாள் கழித்து அதே பாடத்தில் பத்து கேள்வி போட்டுப் பார்த்தால் பாதிதான் சரியாக வரும். அந்த ரெண்டு மணி நேரம் தூக்கத்துக்குச் சேர வேண்டியது.

உண்மையில், பாடம் வார்டிலேயே நடந்து முடிந்திருக்கிறது. வலிப்பு வந்த ஒரு கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த டோஸ் போடுவதற்கு முன் மூணு விஷயம் பார்க்க வேண்டும். முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா? சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா? இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறும். முதலில் முழங்கால் உதறல் போகும், அப்புறம்தான் மூச்சு அடங்கும். மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட்.

தேர்வில் இதை எந்தப் பக்கமிருந்தும் கேட்கலாம். ராத்திரி 2 மணிக்கு அந்த முழங்காலைத் தட்டியவருக்குப் பதில் மறக்காது. அவர் செய்ய வேண்டியது, போனில் ஒரு வரி குறித்துவிட்டுத் தூங்கி, சாயங்காலம் அந்தத் தலைப்பில் மட்டும் கேள்விகள் போடுவதுதான். சும்மா கேஸ் ஷீட்டை நிரப்பியவருக்கு இது கிடைக்காது.

பயிற்சிக்கும் நாள் முழுக்க வேண்டியதில்லை. 200 கேள்விகளை 40 வீதம் 5 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம் தருகிறார்கள். நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. ஆக, நைட் இல்லாத நாளில் ஒரு 42 நிமிடம் கிடைத்தாலே நிஜத் தேர்வின் ஒரு துண்டை எழுதிப் பார்க்கலாம்.

ஆனால் பழி முழுவதையும் ஹவுஸ் சர்ஜன் தலையில் கட்டுவது நியாயமில்லை. ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதும், ரிப்போர்ட்டுக்காகக் கவுன்ட்டரில் நிற்பதும் மருத்துவப் பயிற்சியே இல்லை. அந்த வேலைக்கு ஆள் போடாத மருத்துவமனை, அவரது தூக்கத்தையும் படிப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

வார்டு எல்லாவற்றையும் சொல்லித்தராது என்பதும் உண்மை. உடற்கூறியலும் உயிர்வேதியியலும் எந்த நைட்டிலும் கண்ணில் படாது. அவற்றை 12 வாரச் சமூக மருத்துவப் போஸ்டிங்குக்கு ஒதுக்கலாம். அங்கே பெரும்பாலும் நைட் குறைவு.