அளவு சொல்லாமல் தைக்கச் சொல்கிறார்கள்



எங்கள் நெடுங்காட்டுப் பெண் ஒருத்தி பி.காம் கடைசி வருடம். புராஜெக்ட் தலைப்பு ‘காரைக்கால் விவசாயிகளின் கடன்’. எத்தனை பக்கம், என்ன வடிவம், எதுவரை எழுதலாம் என்று கேட்டால், “எழுதி எடுத்து வா, பார்க்கலாம்” என்கிறாராம் கைடு. இதற்குப் பெயர் வழிகாட்டலா?

பிள்ளைகள் பயந்துபோய் இந்திய விவசாய வரலாற்றை நாற்பது பக்கம் நிரப்புகிறார்கள். தாங்களே விசாரித்தது நாலு பக்கம். வைவாவில் கேள்வி வருவதோ அந்த நாலு பக்கத்தில்!

அவளிடம் சொன்னேன்: தலைப்பைச் சுருக்கு. ஒரே ஊர், முப்பது குறுவை விவசாயிகள், ஒரே கேள்வி: கூட்டுறவுக் கடன் இருக்க நகையை ஏன் அடகு வைக்கிறார்கள்? இதையும் அத்தியாயத் தலைப்புகளையும் ஒரே தாளில் எழுதிக் கைடிடம் தேதியோடு கையெழுத்து வாங்கு. வாயால் சொல்லத் தயங்குகிறவரும் எழுதிய தாளைத் திருத்திக் கொடுப்பார்.

வடிவத்துக்கு, உங்கள் துறையில் போன வருடம் ஏற்ற அறிக்கையை நூலகத்தில் பார். அதுவும் இல்லையென்றால் ஏ4 தாளில் இடது ஓரம் 35 முதல் 40 மி.மீ. விடு, அண்ணா பல்கலைக்கழகம் கேட்பது அதுதான். குறைத்தால் பைண்டிங்கில் எழுத்து மறைந்துவிடும்.

விசாரித்ததையும் அட்டவணைகளையும் முதலில் எழுது. பக்கக் கணக்கு எதுவானாலும் அவை மாறாது. முன்னுரையைத்தான் நீட்டவோ குறைக்கவோ வேண்டிவரும்.

இத்தனையும் ஒரு தாளில் அடங்கும். அதை அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கல்லூரிக்கு என்ன செலவு?